புதுப்பிப்பு: சோறு திரும்பி வந்தது, புல்-அப்பும் வந்தது

அன்று கேட்டது: "சோற்றை நிறுத்தி ஒரே மாதத்தில் 72 கிலோவிலிருந்து 68 ஆகிவிட்டேன். ஆனால் 8 புல்-அப் 5 ஆகிவிட்டதே, ஏன்?"

ஆறு வாரம் ஆயிற்று. அன்று பதில் சொன்னவர்களில், "முட்டை போதும், சோறே வேண்டாம்" என்ற தம்பி சொன்னதில் பாதி சரி. புரதம் குறைவாகத்தான் இருந்தது. மன்னார்குடி அண்ணன்தான் பிடித்தார்: "முதல் செட் சரி, மூன்றாவதில் கை விட்டுப்போகிறதா? அது சோறில்லாத கை. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்காதே."

அவர் சொன்னது அப்படியே எனக்குப் பொருந்தியது. இப்போது பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கிண்ணம் சோறும் விரால் குழம்பும். காலையில் 4 முட்டை, அதிலேயே 24 கிராம் புரதம். மாலையில் பச்சைப்பயறு சுண்டல், இரவில் தயிர். மொத்தம் 110 கிராம் பக்கம் வருகிறது. குறைத்தது டீக்கடை வடையும் எண்ணெயும்தான்.

முதல் வாரம் எடை ஒரு கிலோ ஏறியதும் பயந்துவிட்டேன். தசை சேமிக்கும் மாவுச்சத்தோடு வரும் தண்ணீர் என்றார் அண்ணன். இன்று 68.5 கிலோ, 9 புல்-அப், மூன்றாவது செட்டிலும் 6. இன்னும் 66க்கு இறங்கலாமா என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.