லோட் ஃபேக்டர்: சுமையா, நிரப்பா, நெரிசலா?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காக ஹேஷ் டேபிள் பாடக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அறை, சாவி, சங்கிலி வரைக்கும் சிக்கல் இல்லை. லோட் ஃபேக்டர் வந்ததும் நின்றுவிட்டேன். பழைய குறிப்பில் 'சுமைக் காரணி' என்று இருக்கிறது. 'காரணி' என்றாலே என் பிள்ளைகள் 12-இன் காரணிகள் 2, 3, 4, 6 என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

குறிப்பில் வரும் படம் இது. சாவியை 7-ஆல் வகுத்து, என்ன மீதி வருகிறதோ அந்த அறையில் போடுகிறோம். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தால் சங்கிலியின் வாலில் கோத்துவிடுகிறோம்.

```
0 |
1 | -> 15 -> 22 -> 36 -> 50
2 |
3 | -> 10 -> 31
4 |
5 |
6 |
```

இதற்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். லோட் ஃபேக்டருக்கு என்ன சொல் போடலாம்?

செந்தில் எழுதியது:

'நிரப்பு விகிதம்' போதுமே. பார்த்ததும் புரியும். 7 அறையில் 2 அறை நிரம்பியிருக்கிறது, அதனால் 2/7, ஏறக்குறைய 0.29. ஜாவாவின் `HashMap` 0.75-ஐத் தாண்டினால்தான் அட்டவணையைப் பெரிதாக்கும். இந்தப் படத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

இராமநாதன் எழுதியது:

தம்பி செந்தில், 0.75 சரி. நீங்கள் எண்ணியதுதான் தப்பு. எண்ண வேண்டியது ஆள் இருக்கும் அறைகளை அல்ல, சாவிகளை. 6 சாவி, 7 அறை, ஆக 6/7, அதாவது 0.86. ஜாவாவின் வரம்பை இந்தப் படத்துக்கு வைத்தால் ஆறாவது சாவி வந்தபோதே அட்டவணை பெரிதாகியிருக்க வேண்டும். `HashMap` 16 அறையோடு தொடங்கும். அதில் 12 சாவி வரை பொறுத்துக்கொண்டு, 13-ஆவது வந்ததும் 32 ஆக்கிவிடும். எத்தனை அறை காலி என்று அது பார்ப்பதே இல்லை.

'நிரப்பு' வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். குடம் நிரம்பினால் நிரம்பியதுதான், 1-க்கு மேல் போகாது. சங்கிலி போட்ட அட்டவணையில் 7 அறைக்கு 20 சாவி கூட வைக்கலாம், விகிதம் 2.86 ஆகும். பைத்தானின் `dict` சங்கிலி போடுவதில்லை, இடம் இல்லையென்றால் வேறு காலி அறையைத் தேடிப் போகும். அங்கே 'நிரப்பு' பொருந்தும். இங்கே பொருந்தாது.

தேவன் எழுதியது:

எனக்கு அதைவிட, இரண்டு சாவி ஒரே அறைக்கு வருவதை 'மோதல்' என்று சொல்வதுதான் உறுத்துகிறது. இரண்டு கோப்புக்கு ஒரே ஹேஷ் வந்தால் பாதுகாப்பே போய்விட்டது என்று அர்த்தம். `MD5`-ஐக் கைவிட்டதே அதனால்தானே? படத்தில் நான்கு சாவி ஒரே அறையில் இருக்கிறது. இது பழுதான அட்டவணை. இதைப் போய் மாணவர்களுக்குக் காட்டலாமா?

இராமநாதன் எழுதியது:

தேவன், நீங்கள் சொல்வது பூட்டுக் கடை, இது சரக்குக் கடை. அங்கே மோதல் வந்தால் ஆபத்து. இங்கே அது அன்றாடம். 6 சாவிகளைக் குருட்டாம்போக்கில் 7 அறைகளில் போட்டுப் பாருங்கள். ஒன்றோடொன்று சேராமல் ஆளுக்கொரு அறை கிடைப்பது நூற்றுக்கு 4 தடவைதான். பழையது அழிவதும் இல்லை, பக்கத்தில் கோத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் படம் கொஞ்சம் கோணலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோணல்தான் பாடத்துக்கு உதவும்.

எப்படி என்று பாருங்கள். 29-ஐத் தேடுகிறோம். மீதி 1. அந்த அறையில் 15, 22, 36, 50 நான்கையும் ஒப்பிட்ட பிறகுதான் 'இல்லை' என்று தெரியும். 9-ஐத் தேடினால் மீதி 2, அறை காலி, ஒப்பீடே இல்லாமல் பதில் வந்துவிடும். இல்லாத சாவி எந்த அறைக்கும் சமமாக வரலாம் என்று வைத்துக்கொண்டு ஏழு அறைக்கும் கூட்டினால் 0+4+0+2+0+0+0, மொத்தம் 6. ஏழால் வகுத்தால் 0.86. அதே லோட் ஃபேக்டர்! ஆறையும் ஒரே அறையில் அடைத்தாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் இது சங்கிலிகளின் சராசரி நீளம்.

இருக்கும் சாவியைத் தேடும்போது கதை வேறு. 1-ஆம் அறையில் 1+2+3+4, 3-ஆம் அறையில் 1+2, மொத்தம் 13 ஒப்பீடு. சாவிக்கு 2.17. ஒழுங்காகச் சிதறியிருந்தால் எதிர்பார்ப்பது 1 + 5/14, அதாவது 1.36 தான். ஆறும் ஒரே அறையில் என்றால் 3.5. மூன்றிலும் லோட் ஃபேக்டர் 0.86 தான். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஃபாத்திமா எழுதியது:

ஐயா சொன்னதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு மளிகை மொத்தக் கடைக்குச் சரக்குப் பட்டியல் நிரல் எழுதினேன். 6,000 சரக்கு, 10,000 அறை, லோட் ஃபேக்டர் 0.6. ரொம்ப நல்ல எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சரக்கு எண்களை 100, 200, 300 என்று நூறு நூறாகக் கொடுத்திருந்தார்கள், இடையில் புதிது நுழைக்க வசதியாம். 10,000-ஆல் வகுத்தால் மீதியும் நூறின் மடங்காகத்தானே வரும்? ஆக மொத்தம் 100 அறைதான் பயன்பட்டது, ஒவ்வொன்றிலும் 60 சரக்கு. ஒரு சரக்கை எடுக்கச் சராசரி 30.5 ஒப்பீடு. கடைக்காரர் தேடிய எண்களும் நூறின் மடங்குதான், அதனால் இல்லாத சரக்கைத் தேடினால் 60 ஒப்பீடு. காலி அறைப் பக்கம் யாரும் போகவே இல்லை.

சங்கிலி நீளங்களை அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அறையை 10,007 ஆக்கினேன், அது பகா எண். ஆறாயிரமும் ஆறாயிரம் அறைக்குப் போய்விட்டது.

சொல் என்று கேட்டால், 'நெரிசல் விகிதம்' எப்படி? 50 இருக்கை பஸ்ஸில் 70 பேர் என்றால் 1.4. ஒன்றைத் தாண்டுவது இயல்பாக இருக்கும்.

செந்தில் எழுதியது:

அக்கா, உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு பயன்பட்ட அறையிலும் 60 பேர். அதை 'நெரிசல் 0.6' என்று சொன்னால் கண்டக்டரே சிரிப்பார். 'நெரிசல்' என்றால் எங்கே இடிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், லோட் ஃபேக்டர் அதைத்தான் சொல்வதில்லை. 'நிரப்பு' தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன்.

இராமநாதன் எழுதியது:

நல்ல கேள்வி. பஸ்ஸில் 5 பேர் இருந்தாலும் 'நெரிசல் 0.1' என்று எழுத வேண்டியிருக்கும், அதுவும் இடிக்கிறது. என் ஓட்டு 'சுமை விகிதம்'. சுமை குறையலாம், கூடலாம், 1-ஐத் தாண்டலாம். 'காரணி' போய்விட்டது, வகுத்து வரும் எண் என்பதும் தெரிகிறது. மிக நீண்ட சங்கிலிக்கு வேண்டுமானால் 'நெரிசல்' வைத்துக்கொள்ளலாம். ஜாவா 8 முதல் ஒரு அறையில் சாவிகள் 8-ஐத் தாண்டினால், அட்டவணை 64 அறைக்குக் குறையாமல் இருந்தால், சங்கிலியை மரமாக மாற்றிவிடுகிறது. அந்த இடத்துக்கு இந்தச் சொல் பொருத்தமாக இருக்கும்.

தேவன் எழுதியது:

'மோதல்' பற்றி இன்னும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. 'இடப்பகிர்வு' என்று போடக் கூடாதா? அதைத் தனி இழையில் கேட்கிறேன்.

மலர்விழி எழுதியது:

நன்றி ஐயா, ஃபாத்திமா. படத்துக்குக் கீழே இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "சுமை விகிதம் 6/7. மிக நீண்ட சங்கிலி 4." 'நெரிசல்' இன்னும் முடிவாகாததால் விட்டுவிட்டேன். 'மோதல்' அப்படியே இருக்கிறது, தேவன் கோபித்துக்கொள்ள வேண்டாம். பயிற்சிக் கேள்வியாக 43-ஐச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மீதி 1 தான் வரும், விகிதம் சரியாக 1 ஆகும், ஐந்து அறை அப்போதும் காலியாகவே இருக்கும்.