சைட் முடிந்ததும் வாடிக்கையாளருக்குப் போகும் ஹோஸ்டிங் மெயில்: உங்கள் அனுபவங்கள்

நூல்கண்டு, ஈரோடு

சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட், போர்வை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு வேர்ட்பிரஸில் சைட் முடித்துக் கொடுத்தேன். பன்னிரண்டு பக்கம், சரக்குப் படங்கள், வாட்ஸ்அப்பில் விசாரிக்க ஒரு பட்டன், அவ்வளவுதான். ஆன்லைனில் பணம் வாங்குவதெல்லாம் இல்லை. இதுவரை என் சோதனை சர்வரில் ஓடியது. இனி எங்கே வைப்பது, மாதம் என்ன ஆகும், எந்தக் கணக்கு யார் பெயரில் என்று ஒரு மெயில் போட்டேன். கடைப் பெயரை எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்.

> வணக்கம் சார். சைட் தயார். இனி உங்களுக்கு மூன்று செலவுகள். கடைப் பெயரில் இருக்கும் .in முகவரிக்கு வருடச் சந்தா, சைட் இருக்கும் இடத்துக்கு வாடகை, கடைப் பெயரில் மெயில் வேண்டுமென்றால் அதற்கு ஆள் கணக்கில் மாதக் கட்டணம்.
>
> முகவரி வருடத்துக்கு 900 ரூபாய்க்குள் முடியும்.
>
> இடத்துக்கு இரண்டு வழி. முதலாவது ஷேர்டு ஹோஸ்டிங், பலருடைய சைட்டுகள் ஒரே சர்வரில் இருக்கும். விளம்பரத்தில் மாதம் 149 ரூபாய் என்று இருக்கும். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. 18% ஜிஎஸ்டியோடு 6,330 ரூபாய். நான்காம் வருடம் மாதம் 449 ஆகிவிடும். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் ஜிஎஸ்டியோடு 6,358. மூன்று வருடத்துக்குக் கட்டிய அதே பணம் அப்போது ஒரு வருடத்துக்குத்தான் வரும். அதனால் இப்போதே மாதம் 530 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சைட்டுக்கு இது போதும்.
>
> இரண்டாவது விபிஎஸ், சர்வரில் உங்களுக்கென்று தனியாக ஒதுக்கிய பகுதி. மாதம் 6 டாலர் வகை, வரியோடு 600 ரூபாய்ச் சொச்சம். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதை அப்டேட் செய்து, பேக்கப் எடுத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் பார்த்தால் மாதம் 1,500 வாங்குவேன். இப்போதைக்கு உங்களுக்கு இது தேவையில்லை.
>
> மெயில் மூன்று பேருக்கு, ஆளுக்கு மாதம் 200 ரூபாய் வாக்கில். ஹோஸ்டிங்கோடு இலவச மெயிலும் வரும். அதே சர்வரில் இருக்கும் வேறு யாரோ ஸ்பாம் அனுப்பினால் உங்கள் கொட்டேஷனும் ஸ்பாமில் போய் விழும் என்பதால் தனியாக வாங்கச் சொல்கிறேன்.
>
> கணக்குகள் எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில், உங்கள் கார்டில் இருக்கட்டும். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் வரும்படி பதிவு செய்யுங்கள். எனக்கு உள்ளே வந்து வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள், பாஸ்வேர்டு அனுப்ப வேண்டாம். 30 நாள் கழித்து அந்த அனுமதியையும் எடுத்துவிடலாம். ஸ்லைடர் பிளகின் லைசென்ஸ் மட்டும் என் பெயரில் வாங்கியது. வருடம் முடிந்தாலும் சைட் ஓடும், ஆனால் புது அப்டேட் வராது. வேண்டுமென்றால் அப்போது உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளலாம்.

அவரிடமிருந்து வந்த பதில்: "தம்பி, மொத்தமா மாசம் எவ்வளவு, யாருக்குக் கட்டணும்?"

மாதம் 1,200 ரூபாய் வாக்கில், எனக்கு ஒரு ரூபாயும் இல்லை என்று போனில் சொன்னேன். "அப்ப சரி" என்றார். நீங்களெல்லாம் இதை எப்படிச் சொல்கிறீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

முப்பதுசைட், மதுரை

நான் இப்படி மெயிலே போடுவதில்லை. ஒரு ரீசெல்லர் கணக்கு வைத்திருக்கிறேன். எல்லாக் கடைக்காரர்களும் அதற்குள்தான். வருடத்துக்கு ஒரு பில், 6,000 ரூபாய், முகவரி, இடம், மெயில் எல்லாம் அடக்கம். கடைக்காரர் போன் நம்பரில் ஓடிபி வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அவசரத்துக்கு உள்ளே போக வேண்டும் என்று கூப்பிட்டால், அவர் சபரிமலையில் இருப்பார். இன்னொருவர் போனைத் தொலைத்துவிட்டு நம்பரையே மாற்றிவிட்டார். அவர்கள் பெயரில் வைப்பது நியாயம் என்று பேசலாம், நடைமுறையில் சைட் நின்றுபோவது அவர்களால்தான்.

சர்வர்சித்தப்பா, நாகர்கோவில்

நூல்கண்டு, மெயில் நன்றாகவே இருக்கிறது. மொத்தத் தொகையையும் யாருக்குக் கட்டுவது என்பதையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். வியாபாரி மெயிலில் முதல் நான்கு வரிக்குமேல் படிக்கமாட்டார்.

ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. டொமைன் வாங்கும் கணக்கின் லாகின் மெயில் எது? எங்கள் ஊர்ப் பல் மருத்துவமனை ஒன்றில் எல்லாம் டாக்டர் பெயரில், டாக்டர் கார்டில்தான் இருந்தது. டெவலப்பர் ஒழுங்கான ஆள். ஆனால் டொமைன் கணக்கின் லாகினாக அதே டொமைனில் உள்ள info@ மெயிலைக் கொடுத்திருந்தார். கார்டு மாறிவிட்டது, புதுப்பிக்கும் பணம் போகவில்லை. நினைவூட்டல் எல்லாம் info@-க்கு வந்தது, ரிசப்ஷனில் யாரும் பார்க்கவில்லை. டொமைன் காலாவதியானது, சைட் நின்றது, அதோடு மெயிலும் நின்றது. இப்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் லிங்க் எங்கே போகும்? நின்றுபோன அதே info@-க்கு.

.com என்பதால் கொஞ்சம் அவகாசம் இருந்தது. காலாவதியான பிறகு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்வரை சாதாரண விலையில் புதுப்பிக்கலாம். அதையும் விட்டால் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். அப்புறம் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கும் பொதுச் சரக்கு. இவர்கள் என்னிடம் வந்தது அபராதக் காலத்தில். பழைய பில் மருத்துவமனை பெயரில் இருந்ததால், அதையும் அடையாளச் சான்றையும் அனுப்பி லாகின் மெயிலை மாற்ற வைத்தோம். பில் டெவலப்பர் பெயரில் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

அதனால் டொமைன் கணக்குக்கு முதலாளியின் சொந்த ஜிமெயில், கடை மெயில் கூடாது என்று உங்கள் மெயிலில் ஒரு வரி சேருங்கள்.

கோடுமாமா, சென்னை

கணக்கு பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள், கோடு பற்றி எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. பணம் கொடுத்து எழுத வைத்தால் கோடு பணம் கொடுத்தவருக்குத்தான், சட்டமே அப்படித்தான். டொமைனை மட்டும் சீக்கிரம் அவர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், ஆனால் எந்த டொமைனாக இருந்தாலும் வாங்கி 60 நாளுக்கு மாற்ற முடியாதபடி லாக் இருக்கும்.

சர்வர்சித்தப்பா

மாமா, இரண்டிலும் பாதிதான் சரி. சம்பளத்துக்கு வேலை செய்பவர் அலுவலக வேலையாக எழுதிய கோடு கம்பெனிக்குப் போகும். நம்மைப் போன்ற ஃப்ரீலான்சர் எழுதியது 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி முதலில் நமக்கே சொந்தம். பணம் வந்தால் மட்டும் கை மாறாது, எழுத்தில் கொடுக்க வேண்டும். 19-ஆம் பிரிவில் இன்னொன்றும் உண்டு. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்வார்கள். பெட்ஷீட்காரர் வழக்குக்கு வரப்போவதில்லை, ஆனால் ஏற்றுமதிக் கம்பெனிக்குச் செய்தால் அவர்கள் வக்கீல் இதைக் கேட்பார்.

60 நாள் லாக் என்பது .com போன்றவற்றுக்கான ஐகேன் விதி. .in நம் நாட்டு நிக்ஸியின் கீழ் வருவது, அதன் விதி தனி. எப்படியானாலும் அந்த லாக் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றும்போதுதான் இடிக்கும். அதே நிறுவனத்துக்குள் உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குத் தள்ளுவது வேறு விஷயம். பெரும்பாலான இடங்களில் சில நிமிட வேலை, ஆத் கோடும் தேவையில்லை.

கோடுமாமா

சட்டப் பிரிவை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோடு என்னுடையது என்று வியாபாரிக்கு மெயில் போட்டால் அடுத்த வேலை வராது, அதையும் சொல்லுங்கள்.

தையல்மெஷின், தஞ்சாவூர்

அண்ணா, நான் டெவலப்பர் இல்லை, பொட்டிக் வைத்திருக்கிறேன். கணக்கு யார் பெயரில் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் ஜிபே கணக்கு பற்றி என்று நினைத்து உள்ளே வந்தேன். படித்தபிறகு வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு சைட் செய்து கொடுத்த பையன் இப்போது போனை எடுப்பதில்லை. எனக்கு எந்த மெயிலும் வந்ததில்லை, வருடா வருடம் அவருக்கு 5,000 அனுப்புவேன். சைட் என் பெயரில்தான் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சர்வர்சித்தப்பா

பதறாதீங்கம்மா. கம்ப்யூட்டர் தெரிந்த யாரிடமாவது கீழே உள்ளதை உங்கள் சைட் பெயர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

```
whois example.com
dig NS example.com +short
dig MX example.com +short
```

முதல் வரிக்கு வரும் பதிலில் சொந்தக்காரர் பெயர் மறைத்திருக்கும், அது வழக்கம்தான். அதில் Registrar என்ற இடத்தில் உள்ள நிறுவனத்தின் பெயரையும், Registry Expiry Date என்ற தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வரிகள் சைட்டையும் மெயிலையும் யார் நடத்துகிறார்கள் என்பதற்கான தடயம். அந்த நிறுவனத்தின் பில் எப்போதாவது உங்களுக்கு வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

நூல்கண்டு

சித்தப்பா, லாகின் மெயில் வரியைச் சேர்த்துவிட்டேன். கார்டு பற்றியும் ஒன்று சேர்க்க வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பணம் எடுக்க கார்டில் முன்கூட்டியே அனுமதி பதிய வேண்டும். அந்த முறையில் சேராத வெளிநாட்டுக் கம்பெனி என்றால் முதல் மாதம் பணம் போகும், அடுத்த மாதம் மறுத்துவிடும். அதனால் சின்னக் கடைகளுக்கு ரூபாயில் பில் போட்டு, யுபிஐயில் வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் இடமாகப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முப்பதுசைட் அண்ணா, ஓடிபி தொல்லை நிஜம்தான். ஆனால் நாளைக்கு உங்களுக்கே உடம்பு முடியாமல் போனால் அந்த முப்பது கடைக்காரர்களும் யாரிடம் போவார்கள்?

முப்பதுசைட்

என் தம்பியிடம் எல்லா லாகினும் இருக்கிறது. டொமைன் மட்டும் அவரவர் பெயரில் பதிகிறேன், கணக்குதான் என்னுடையது. இதற்குமேல் என்னால் முடியாது. மாதம் பத்து பேருக்குப் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார முடியாது.

தையல்மெஷின்

பார்த்துவிட்டேன் அண்ணா. தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பில் எதுவும் என் மெயிலில் இல்லை, அவருக்கு ஜிபேயில் அனுப்பிய ரசீதுகள் மட்டும் இருக்கின்றன. அது போதுமா?

சர்வர்சித்தப்பா

அந்த ரசீது நீங்கள் அவருக்குப் பணம் கொடுத்ததைக் காட்டும், டொமைன் உங்களுடையது என்று காட்டாது. ஆனாலும் பத்திரமாக வையுங்கள். இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் எழுத்தில் அனுப்புங்கள்: அந்த நிறுவனத்தில் எனக்கு ஒரு கணக்கு திறந்திருக்கிறேன், டொமைனை அதற்குத் தள்ளிவிடுங்கள், புதுப்பிக்கும் பணத்தை நானே கட்டுகிறேன் என்று. சண்டைத் தொனி வேண்டாம், அவருக்கு இதில் வேலை ஐந்து நிமிடம்தான். பதில் வராவிட்டால் இரண்டு வாரத்தில் இங்கேயே எழுதுங்கள். கடைப் பெயரை டிரேட்மார்க் செய்திருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள், அதைப் பொறுத்து வழி மாறும். அதற்குள் சைட்டில் இருக்கும் படங்களையும் விலைப் பட்டியலையும் எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுவிடுங்கள்.