டொமைன் வாங்கும்முன் ரினியூவல் விலையைப் பார்த்தீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோட்டுப் போர்வைக்கடை

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்கு ஒரு .com பெயர், முதல் வருடம் 149 ரூபாய் என்று போட்டிருந்தது. தம்பியின் நண்பர் அவர் பெயரிலேயே வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் வருடத்துக்கு வந்த பில்லில் ரினியூவல் 1,499, உரிமையாளர் விவரத்தை மறைக்கும் பிரைவசி 599, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, எல்லாம் சேர்த்து 2,476 ரூபாய். அந்தப் பிரைவசியை நான் கேட்கவே இல்லை, வாங்கும்போதே கார்ட்டில் டிக் ஆகி இருந்திருக்கிறது.

சரி, வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். காலாவதிக்கு இன்னும் 12 நாள் இருந்தது. மாற்றும்முன் பெயர் என்னுடையதாக இருக்கட்டுமே என்று உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் திருத்தினேன், அவ்வளவுதான், 60 நாள் டிரான்ஸ்ஃபர் செய்ய முடியாது என்று பூட்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்த 2,476-ஐக் கட்டினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

பழைய வெப் டெவலப்பர்

அக்கா, அந்தப் பூட்டு டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதியில் இருப்பதுதான். உரிமையாளர் பெயரோ நிறுவனப் பெயரோ மின்னஞ்சலோ மாறினால் 60 நாள் பூட்டலாம். ஆனால் பூட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை டொமைன் விற்கும் சில ரிஜிஸ்ட்ரார்கள் தருவார்கள், மாற்றத்தைச் சேமிக்கும்முன் அந்தப் பெட்டியைத் தேடிப் பார்க்க வேண்டும், சேமித்த பிறகு பயனில்லை. உங்கள் நிலையில் நான் இருந்திருந்தால் அந்த நண்பரையே டொமைன் மேல் வழக்கமாக இருக்கும் டிரான்ஸ்ஃபர் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கு வேண்டிய ஆத் கோடு வாங்கித் தரச் சொல்லி, முதலில் டிரான்ஸ்ஃபரை முடித்துவிட்டு, பெயரைப் புது இடத்தில் மாற்றியிருப்பேன். டிரான்ஸ்ஃபர் ஆனதும் எப்படியும் 60 நாள் அங்கேயே இருக்கத்தான் வேண்டும், அதனால் அங்கே பெயரை மாற்றுவதில் நஷ்டம் இல்லை. பழைய ரிஜிஸ்ட்ரார் தானாக ஒப்புக்கொள்ளாவிட்டால் 5 நாள் ஓடும், எனவே ஒரு மாதம் முன்னதாகவே தொடங்குவது நல்லது.

விலையைப் பற்றி ஒன்று. .com பெயருக்கு ரிஜிஸ்ட்ரார், அந்தப் பெயர்களை நடத்தும் வெரிசைனுக்குக் கட்டும் மொத்த விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. 149 ரூபாய் என்றால் முதல் வருடம் அவர்கள் கைக்காசைப் போடுகிறார்கள், அதை இரண்டாம் வருடத்தில் உங்களிடம் எடுத்துவிடுவார்கள். நான் எப்போதும் மூன்று வருடக் கணக்குப் போட்டுத்தான் வாங்குவேன். அந்த ரிஜிஸ்ட்ராரில் மூன்று வருடத்துக்கு 149, பிறகு இரண்டு முறை 1,499, ஜிஎஸ்டிக்கு முன்பே 3,147. வருடா வருடம் 1,000 ரூபாய் என்று ஒரே விலையில் தருபவரிடம் 3,000. அதிலும் பிரைவசி இலவசம் என்றால் இரண்டு வருடத்தில் 1,198 மிச்சம்.

திருச்சி மாணவர்

ஆனால் டிரான்ஸ்ஃபர் செய்தால் கட்டிய வருடம் போய்விடும் அல்லவா? அக்கா இப்போது ரினியூ செய்துவிட்டதால் ஒரு வருடம் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

பழைய வெப் டெவலப்பர்

போகாது தம்பி. .com-இல் டிரான்ஸ்ஃபர் கட்டணத்தோடு ஒரு வருடம் சேர்ந்துகொள்ளும், மீதி இருக்கும் காலத்தின் மேலேயே சேரும், மொத்தம் 10 வருடத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். நீங்கள் கேள்விப்பட்டது வேறு கணக்கு. காலாவதியான பிறகு ரினியூ செய்து, காலாவதியிலிருந்து 45 நாளுக்குள் மாற்றினால் ரினியூ செய்த வருடம் சேராமல் போகலாம். அக்கா காலாவதிக்கு முன்பே கட்டிவிட்டார், 60 நாள் முடிந்ததும் தாராளமாக மாற்றலாம்.

மதுரை டியூஷன் சென்டர்

நானும் மாற்றினேன், இரண்டு நாள் மெயில் வரவில்லை. பழைய இடத்தில் ஹோஸ்டிங் வாங்கியிருந்தேன், டொமைனை மாற்றினால் அதுவும் கூடவே வரும் என்று நினைத்துவிட்டேன். பெற்றோர் அனுப்பிய மெயில் எல்லாம் திரும்பிப் போனது.

பழைய வெப் டெவலப்பர்

டொமைன் மட்டும்தான் நகரும். நேம்சர்வர் பழையவர்களுடையதாக இருந்து, அவர்கள் கணக்கை மூடினால், மெயிலும் தளமும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளும் போய்விடும். மாற்றும்முன் MX, A, TXT பதிவுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்து, புது இடத்தில் போட்டு, நேம்சர்வரை மாற்றி, மெயில் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டிரான்ஸ்ஃபரைத் தொடங்க வேண்டும்.

ஈரோட்டுப் போர்வைக்கடை

காலாவதியாகி விட்டுவிட்டால் எவ்வளவு கேட்பார்கள் என்று எங்கே பார்ப்பது?

பழைய வெப் டெவலப்பர்

ரிடம்ப்ஷன் கட்டணம் என்று தேடுங்கள், ரினியூவல் விலையோடு அதையும் தளத்தில் போட வேண்டும் என்பது ஐகான் விதி. பெரும்பாலும் ஏதோ ஒரு உதவிப் பக்கத்தின் அடியில் கிடக்கும். பெயர் நீக்கப்பட்ட பிறகு 30 நாள் ரிடம்ப்ஷன் நிலையில் இருக்கும், அதற்குள் மீட்க ரினியூவலைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதற்கு அப்புறம் 5 நாள், பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

திருச்சி மாணவர்

.in பெயருக்கும் இதே 60 நாள், இதே 45 நாள்தானா? அதில் பிரைவசி எப்படி? மாற்றிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.