செந்தாமரை, வெண்டாமரை: வளைந்தது யார்?

கொக்குவில் குமரன்: தங்கம், பஞ்சு, வண்டு, பந்து, கம்பு. பின்னால் வல்லினம் எங்கே நிற்கிறதோ அங்கே மூக்கொலி ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படியென்றால் ஒரு மெல்லினம் போதும். மற்ற ஐந்தும் பிள்ளைகளை வதைக்க வைத்தவை. மறுக்கிறவர்கள் வரலாம்.

நல்லூர் வாத்தி: வந்துவிட்டேன். வசதியான ஐந்து சொல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சவால் விடுகிறீர். "செம்" என்பதை எடும்: செங்கல், செஞ்சோறு, செந்தாமரை, செம்பருத்தி. இங்கே ம் உம்முடைய சொல் கேட்டு நடக்கிறது, சரி. இனி "வெண்": வெண்கலம், வெண்சங்கு, வெண்பா. ண் அசையவில்லை. அதே தாமரையைச் சேர்த்துப் பாரும், வெண்டாமரை! வளைந்தது த. மூக்கொலி இருந்த இடத்துக்கு வல்லினம் வந்திருக்கிறது.

கொக்குவில் குமரன்: எங்கள் வீட்டில் அதை வெங்கலம் என்றுதான் சொல்வார்கள். ண் எங்கே போனது மாஸ்ரர்?

நல்லூர் வாத்தி: அது பேச்சில் தேய்ந்த ஒரு சொல். பெண்களைப் பெங்கள் என்பீரா? அன்பை அம்பு என்பீரா? "தங்கம்" என்று மெதுவாகச் சொல்லும். நுனிநாக்கு கீழே சும்மா கிடக்கும், பின்நாக்குத்தான் எழும்பும். பிறகு "தென்கரை" சொல்லும். நுனி முதலில் மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள முரசைத் தொட்டுவிட்டுத்தான் க வரும். க வருகிறது என்பதற்காக ன் ஓடவில்லை.

கொக்குவில் குமரன்: வெங்கலம்.

ரொறன்ரோ அக்கா: மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. மகன் தமிழ் வகுப்பில் சொல்வதெழுதலில் "முன்னூறு" என்று எழுத, ரீச்சர் பிழை போட்டுவிட்டார். காதுக்கு முன்னூறு, முந்நூறு இரண்டும் ஒன்றுதானே?

பருத்தித்துறைப் பாறை: யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு ஒன்றாகக் கேட்காது அக்கா. காற்று, வெற்றி என்று ற்ற-வை நாக்கு நுனியால் சொல்ல எங்களை விட்டால் ஆளில்லை. அக்கரையில் காத்து, வெத்தி!

மதுரைக்காரன்: வணக்கம் பாறை அண்ணே. ஒன்று, மூன்று, கன்று எல்லாம் உங்கள் ஊரில் எப்படி? ஒண்டு, மூண்டு, கண்டு! அந்த ற எங்கே? வாத்தியார் ஐயாவுக்கும் ஒன்று: எங்கள் பக்கம் "என்கிறான்" என்பது "ங்கிறான்" ஆகும், "என்பார்கள்" என்பது "ம்பாங்க" ஆகும். ன் வளைகிறதே?

கொக்குவில் குமரன்: ஆகா! தம்பி வாழ்க.

நல்லூர் வாத்தி: நாளுக்கு நூறு தரம் வாயில் உருள்கிற சொல் அது, தேயத்தான் செய்யும். மதுரையில் மான்கள் "மாங்கள்" ஆகிவிட்டனவா? குமரன், உண் என்பதோடு இறந்தகாலத் த் சேர்ந்தால் உண்டான். தின் என்பதோடு சேர்ந்தால் தின்றான். ஒரே த், ண் பக்கத்தில் ட் ஆகிறது, ன் பக்கத்தில் ற் ஆகிறது. நாக்கு நுனி வேலை செய்கிற இடங்களில் வல்லினம்தான் மூக்கொலிக்கு வளையும். நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் சகலகலாவல்லி மாலை பாடினீரா, வாயசைத்தீரா? "வெண்டாமரைக்கன்றி நின்பதந் தாங்க" என்று குமரகுருபரர் ஒரே அடியில் இரண்டையும் வைத்திருக்கிறார். பதம் + தாங்க: ம் வளைந்து ந் ஆனது. வெண் + தாமரை: த வளைந்து ட ஆனது.

கொக்குவில் குமரன்: ஆனால் நீங்கள் தின்றான் என்றா சொல்கிறீர்கள்? திண்டான் என்கிறீர்கள்! ற் ட் ஆனதும் ன் பின்னால் ஓடிப்போய் ண் ஆகிவிட்டது. நான் சொன்னதேதான்.

நல்லூர் வாத்தி: அது பேச்சில் பிறகு வந்த மாற்றம். நான் சொல்வது முதல் நடந்தது.

கொக்குவில் குமரன்: உங்களுக்கு ஒத்துவராதது எல்லாம் "பேச்சு", "தேய்வு", "பிறகு". போன மாதம் ழகரத் திரியிலும் இதே கதை.

நல்லூர் வாத்தி: ழகரத் திரியில் பாதியில் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பருத்தித்துறைப் பாறை: மதுரைத் தம்பி, ஒண்டு பழந்தமிழ். உங்கள் "ஒண்ணு"வில் வல்லினமே இல்லை!

மதுரைக்காரன்: பழந்தமிழில் "ஒன்று"ண்ணே.

பருத்தித்துறைப் பாறை: வல்லினத்தையாவது நாங்கள் காப்பாற்றினோம்.

ரொறன்ரோ அக்கா: அப்போ முன்னூறு?

நல்லூர் வாத்தி: மூன்று முன்னால் வந்து குறுகி, நூறின் ந-வுக்கு இணங்கியதால் முந்நூறு. ரீச்சர் சரி. ந் பல்லில், ன் முரசில். சொல்லின் நடுவே இரண்டும் எதிரெதிராக நிற்கிற மிகச் சில இடங்களில் இது ஒன்று.

ரொறன்ரோ அக்கா: ரீச்சரே வகுப்பில் இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்கிறாராம். காதால் கேட்டு எழுதச் சொல்லிவிட்டு எப்படி மார்க் வெட்டலாம்?

கொக்குவில் குமரன்: பாருங்கள், முந்நூறில் ன் ந்-வுக்கு வளைந்தது என்று வாத்தியே எழுதிவிட்டார்!

நல்லூர் வாத்தி: ந வல்லினமா? முதல் வரியில் வல்லினம் என்றுதானே எழுதினீர்? உம்முடைய பதிவையாவது ஒரு தரம் வாசியும்.

கொக்குவில் குமரன்: வெங்கலத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.