உதவி: சென்செக்ஸ் வரைபடம் தென்னை மரம் மாதிரி நிற்கிறது, லாக் ஸ்கேல் போட்டால் பாதி காலி

குடவாசல்காரன்:
அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு பங்கை இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாம் என்று சொல்லி, வரைபடம் காட்டினேன். கோடு பல வருஷம் தரையிலேயே கிடந்து, கடைசியில் நெட்டுக்குத்தாக ஏறுகிறது. "இப்படி ஏறினது விழாமல் இருக்குமா?" என்கிறார். 2008 சரிவை விட 2020 சரிவுதான் ஆழமாகத் தெரிகிறது, அதுவும் புரியவில்லை. லாக் ஸ்கேலுக்கு மாற்றினால் கீழ்ப்பாதி வெற்றிடம். என்ன தப்பு? சனிக்கிழமைக்குள் வேண்டும்.

மன்னை ரவி:
ஆப்பா, எக்செலா? எந்த வருஷத்திலிருந்து தரவு? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

வலங்கைமான் அக்கா:
எனக்கும் லாக் ஆகியிருந்தது. கேஒய்சி புதுப்பித்ததும் இரண்டு நாளில் கணக்கு திறந்துவிட்டது, கவலைப்படாதே.

பழைய கணக்கு:
அக்கா, அவர் கேட்பது மடக்கை, சம மடங்குக்குச் சம உயரம் வைக்கிற அளவு. இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. நேர் அளவு வரைபடம் என்பதே ஏமாற்று. எதற்கும் எப்போதும் லாக் போடுங்கள், முடிந்தது.

குடவாசல்காரன்:
எக்செல். 1979 முதல் 2024 வரை.

திருவாரூர் ஆசிரியை:
அப்படியானால் வெற்றிடத்துக்குக் காரணம் அச்சு 1 இல் தொடங்குவது. சென்செக்ஸின் தொடக்கமே 100. 1 முதல் 100 வரை இரண்டு கட்டம் வீணாகிறது. `Format Axis` இல் `Minimum` என்பதை 100 ஆக்குங்கள். ஏதாவது வரிசையில் 0 இருந்தால் அந்தப் புள்ளி லாக் அச்சில் சரியாக வராது, அதையும் பாருங்கள்.

அப்பாவுக்கு ஒரு தாளும் அளவுகோலும் போதும். 5,000 புள்ளிக்கு 1 செ.மீ. என்று வையுங்கள், 80,000க்கு 16 செ.மீ. வரும். 1979 இல் 100 ஆக இருந்தது 1990 இல் 1,000 ஆனது. பதினோரு வருஷத்தில் பத்து மடங்கு. தாளில் அது 2 மி.மீ. கூட இல்லை. 1,000 இலிருந்து 10,000க்கு 2006 வரை ஆனது, ஏறக்குறைய 16 வருஷம். அதன் உயரம் 1.8 செ.மீ. அங்கிருந்து 80,000 ஐத் தொட 2024 ஆகிவிட்டது. 18 வருஷத்தில் எட்டு மடங்குதான், ஆனால் உயரம் 14 செ.மீ. வேகம் குறைந்த காலம்தான் கண்ணுக்குத் தென்னை மரமாகத் தெரிகிறது.

சரிவும் அப்படித்தான். 2008 இல் சுமார் 21,000 இலிருந்து 8,000 அளவுக்கு வந்தது: 13,000 புள்ளி, நூற்றுக்கு அறுபதுக்கு மேல் போனது. 2020 இல் 42,000 இலிருந்து 26,000: 16,000 புள்ளி, ஆனால் நூற்றுக்கு 38. நேர் அளவில் 2.6 செ.மீ., 3.2 செ.மீ. பத்து மடங்குக்கு 4 செ.மீ. வைத்து லாக்கில் வரைந்தால் 1.7, 0.8. எது பெரிய அடி என்பது அதில்தான் தெரியும்.

நெல்மணி:
டீச்சர், கடைக்காரனுக்கு நான் கொடுப்பது சதவீதம் இல்லை, ரூபாய். நெல் ஆதரவு விலையைப் பாருங்கள். சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2004-05 இல் 560, 2014-15 இல் 1,360, 2024-25 இல் 2,300. முதல் பத்து வருஷம் 800 கூடியது, அடுத்த பத்தில் 940. நேர் அளவில் பார்த்தால் நன்றாகத்தான் போகிறது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். குறுவை அறுத்து மூட்டையோடு காத்திருப்பவனுக்கு அப்படித் தெரியவில்லை.

திருவாரூர் ஆசிரியை:
ஐயா, உங்களுக்குத் தெரிவதைத்தான் லாக்கும் சொல்லும். முதல் பத்தில் 2.4 மடங்கு, அடுத்த பத்தில் 1.7 மடங்கு. இரண்டாவது பத்தில் கோட்டின் ஏற்றம் குறைந்திருக்கும்.

பழைய கணக்கு:
நான் சொன்னதுதானே. நேர் அளவு ஏமாற்று.

நெல்மணி:
விலை மட்டும் வரைந்து என்ன பயன்? அறுவடை இயந்திர வாடகையையும் டிஏபி விலையையும் பக்கத்தில் போடுங்கள். எந்த ஸ்கேலிலும் வாடகையை யாரும் வரைவதில்லை.

திருவாரூர் ஆசிரியை:
அது நியாயம். லாக் வரைபடத்தில் விலைவாசி உயர்வு கழியாது. பழைய கணக்கு சார், "எப்போதும்" என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு மாத விலைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோடுதான். அதோடு லாக்கில் சரிவு சாதுவாகத் தெரியும். பத்து லட்சம் நாலு லட்சமாவது தாளில் அந்த 1.7 செ.மீ.யை விடக் கொஞ்சம் குறைவு. ஓய்வு பெற்றவருக்கு அது 1.7 செ.மீ. இல்லை.

பழைய கணக்கு:
நீண்ட காலத்துக்கு என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

மன்னை ரவி:
தம்பி, இப்போதைய விலை அதிகமா என்று அப்பா கேட்டால்? இதில் அதற்குப் பதில் இல்லையே.

குடவாசல்காரன்:
100 வைத்ததும் சரியாகிவிட்டது, நன்றி டீச்சர். அப்பா அளவுகோலை வாங்கி அவரே 2008 ஐ அளந்தார். சனிக்கிழமை பணம் போடப் போகவில்லை.

நெல்மணி:
வாடகைக் கணக்கு யாரிடமாவது 2004 இலிருந்து இருந்தால் போடுங்கள். என் நோட்டில் 2011 இலிருந்துதான் இருக்கிறது.