அப்பாவுக்கு அனுப்பிய வீடியோ கால் மெசேஜ்: எண் போட்டு எப்படி மாற்றி எழுதலாம்?

புதுக்குடி

வெளிநாடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அப்பாவுக்கு 74 வயசு, வீட்ல தனியா இருக்கார். வாட்ஸ்அப்ல நான் கூப்பிட்டா எடுத்துடுவார். அவரா கூப்பிடத்தான் வரலை. இப்படி ஒரு மெசேஜ் அனுப்பினேன்:

"அப்பா, வாட்ஸ்அப் ஓபன் பண்ணி சாட்ஸ்ல என்னை செலக்ட் பண்ணி மேல ரைட்ல இருக்கிற வீடியோ ஐகானை கிளிக் பண்ணுங்க, நான் எடுத்ததும் பேசலாம், கேமரா திரும்பியிருந்தா ஃபிளிப் பண்ணிக்கோங்க, சத்தம் வரலன்னா ஸ்பீக்கர் போடுங்க, அதுக்கு முன்னாடி டேட்டா ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க."

கால் வரலை. எனக்கு வந்தது மின்விசிறியோட ஃபோட்டோ ஒண்ணு. எங்க தப்பு? அவர் தனியா செய்யணும், அதுதான் எனக்கு வேணும்.

தூரத்துச்சொந்தம்

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? தினமும் ஒரே நேரத்துக்கு நீங்களே கூப்பிடுங்க. எங்கம்மாவுக்கு அப்படித்தான். நான் இருக்கிற நாட்ல வாட்ஸ்அப் காலே போகாது, வேற ஆப்லதான் பேசறோம்.

புதுக்குடி

தினமும் நான்தான் கூப்பிடறேன். ராத்திரி அவருக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா அவர் என்னைக் கூப்பிடணுமே?

படிக்கட்டு

மின்விசிறி ஃபோட்டோவே பதில் சொல்லிடுச்சு. சாட்டுக்குள்ள ரெண்டு கேமரா படம் இருக்கு. உச்சியில உங்க பேர் இருக்கிற வரிசையில ஒண்ணு, அது வீடியோ கால். கீழ எழுதற கட்டத்துல இன்னொண்ணு, அது ஃபோட்டோ எடுக்க. "வீடியோ ஐகான்"னு நீங்க எழுதினது அவர் கண்ணுக்கு வெறும் கேமரா. விரலுக்குக் கிட்ட இருந்ததைத் தொட்டிருக்கார்.

"மேல ரைட்ல" என்பதும் பத்தாது. ஆண்ட்ராய்டுல மேல வலது கோடியில இருக்கிறது மூணு புள்ளி. அதைத் தொட்டா ஒரு பட்டியல் விழும், அப்பா அங்கயே நின்னுடுவார்.

உங்க மெசேஜ்ல டேட்டா முதல்ல செய்ய வேண்டியது, ஆனா கடைசியில வருது. நீங்க கூப்பிட்டா எடுக்கறார்னா அது ஆன்லதான் இருக்கு, அதனால நான் படியில சேர்க்கலை. கேமரா, ஸ்பீக்கர் ரெண்டும் தேவையே இல்ல. வீடியோ கால்ல முன்பக்கக் கேமராவும் ஸ்பீக்கரும் தானா வந்துடும். நடக்காத தொந்தரவுக்கு முன்கூட்டி வழி சொன்னா, அவர் அதையும் ஒரு வேலையா நினைச்சு தேட ஆரம்பிச்சுடுவார்.

நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

1. பச்சை நிற வாட்ஸ்அப் படத்தை ஒரு தடவை தொடுங்க. பேர்கள் வரிசையா தெரியும்.
2. அதில் என் பேர் எழுத்து மேல தொடுங்க. என் ஃபோட்டோவைத் தொட வேண்டாம்.
3. இப்போ திரையோட உச்சியில என் பேர் இருக்கும். அதே வரிசையில, வலது பக்கம், வீடியோ கேமரா படத்தைத் தொடுங்க. கீழ இருக்கிற கேமரா வேண்டாம்.
4. உங்க முகமே தெரியும். அதுதான் சரி. ஃபோனைக் காதுல வைக்காதீங்க, முகத்துக்கு நேரா பிடிங்க.
5. மணி அடிக்கும். நான் எடுக்கலன்னா வச்சிடுங்க, நானே கூப்பிடறேன்.
6. வைக்கறதுக்கு கீழ சிவப்பு வட்டத்தைத் தொடுங்க. சிவப்பு காணோம்னா திரை நடுவுல ஒரு தொடு தொடுங்க, வந்துடும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வேலைதான் கொடுத்திருக்கேன். தொட்டதும் திரையில என்ன வரும்னும் சொல்லியிருக்கேன். அது தெரிஞ்சாதான் சரியா தொட்டோமான்னு அவருக்கே புரியும், இல்லன்னா சந்தேகத்துல திரும்பத் திரும்ப தொட்டுக்கிட்டே இருப்பார். நாலாவது எண்ணை விட்டுடாதீங்க. தன் முகம் வந்ததும் "ஏதோ தப்பாயிடுச்சு"ன்னு பயந்து வச்சிடறவங்க நிறைய பேர்.

கைப்பழக்கம்

இவ்வளவு எழுத்து வேண்டாமே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தொட வேண்டிய இடத்தைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டு அனுப்புங்க. முடிஞ்சது.

படிக்கட்டு

படம் நல்ல யோசனை. ஆனா உங்க ஃபோன்ல எடுக்காதீங்க. உங்களுது ஐஃபோன், அவருது ஆண்ட்ராய்டுன்னா பட்டன் இருக்கிற இடமே மாறும். வாட்ஸ்அப் பதிப்பு வேறயா இருந்தாலும் அப்படித்தான். அவர் ஃபோன்லயே யாரையாவது எடுத்து அனுப்பச் சொல்லுங்க. என் மூணாவது படியையும் அந்தப் படத்தோட ஒத்துப் பார்த்துட்டு அனுப்புங்க.

படமோ எழுத்தோ, ரெண்டுக்கும் ஒரு சிக்கல் உண்டு. நாம அனுப்பறது அதே வாட்ஸ்அப்புக்குள்ள கிடக்கு. அதைப் படிச்சுக்கிட்டே எப்படி அங்க தொடுவார்? கால் திரை வந்ததும் நாலாவது படியே கண்ணுல படாது. ஒரு காகிதத்துல பெரிய எழுத்துல எழுதி ஃபோன் பக்கத்துல வச்சுக்கச் சொல்லுங்க. அவரே பார்த்து எழுதினா இன்னும் நல்லது.

கைப்பழக்கம்

காகிதம் நாலு நாள்ல காணாமப் போயிடும். மெசேஜுன்னா எப்பவும் இருக்கும்.

படிக்கட்டு

இருக்கும்தான், அதுக்கு மேல தினசரி வர்ற வணக்கம் படம் ஐம்பது ஏறி நிக்கும். ஆனா உங்க வீட்ல மெசேஜ் சரிப்படுதுன்னா மாத்த வேண்டாம்.

செவ்வாய்மதியம்

முதல் தடவை கால் போடும்போது கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கும். எங்க மாமியார் பயந்து வேண்டாம்னு தொட்டுட்டாங்க. ரெண்டாம் தடவையும் அதேதான். அப்புறம் ஃபோன் கேட்கவே இல்ல, அமைப்புகளுக்குள்ள போய்த்தான் திறக்க வேண்டியிருந்தது. இதையும் படியில சேர்க்கணுமா?

படிக்கட்டு

ஒரே ஒரு தடவை வர்றதைப் படியில சேர்த்தா, மறுநாள் அது வராதப்போ குழம்புவாங்க. புதுக்குடியோட அப்பா ஏற்கனவே வீடியோ காலை எடுத்துப் பேசறார்னா அனுமதி கொடுத்தாச்சு. மத்தவங்க, சாதாரண போன்ல பேசிக்கிட்டே முதல் காலைக் கூட இருந்து முடிச்சுக் கொடுங்க.

புதுக்குடி

காகிதத்துல எழுதிட்டார். மூணாவது படி வரைக்கும் போய் நேத்து ஒரு தடவை கால் வந்துச்சு! ஆனா இன்னிக்கு "உன் பேரையே காணோம்டா"ங்கறார். பட்டியல்ல நான் இல்லையாம். நான் மெசேஜ் அனுப்பினாலும் மேல வரலையாம்.

படிக்கட்டு

விரலை அழுத்திப் பிடிச்சிருப்பார். பேர் மேல அழுத்திப் பிடிச்சா அந்த சாட் தேர்வாகி, உச்சியில வேற பட்டன்கள் வரும். அவர் மூணாவது படியை நினைச்சு அங்க எதையோ தொட்டிருக்கார். அனேகமா அது `Archived`க்குள்ள போயிருக்கு. அங்க போனது, புது மெசேஜ் வந்தாலும் தானா வெளிய வராது. அழிஞ்சிருந்தா நீங்க அனுப்பின புது மெசேஜோட பட்டியல்ல வந்திருக்கும்.

பட்டியலோட தொடக்கத்துல `Archived`னு ஒரு வரி இருக்கும், தெரியலன்னா கீழ இழுத்தா வரும். அதைத் திறந்து உங்க பேரை அழுத்திப் பிடிச்சா, மேல் நோக்கிய அம்புக்குறியோட ஒரு பெட்டி உச்சியில வரும். அதைத் தொட்டா வெளிய வந்துடும். இதை அப்பாகிட்ட செய்யச் சொல்லாதீங்க, வீட்டுக்கு வர்ற யாராவது செய்யட்டும்.

அவங்க வரும்போதே இன்னொண்ணு. ஆண்ட்ராய்டு அமைப்புகள்ல `Accessibility`க்குள்ள `Touch & hold delay`னு இருக்கும். சில ஃபோன்ல பேர் கொஞ்சம் மாறும். அதை நீளமானதுக்கு வைங்க. விரல் மெதுவா எடுத்தாலும் ஃபோன் அதைச் சாதாரண தொடுதலாத்தான் எடுத்துக்கும்.

புதுக்குடி

பக்கத்து வீட்டுத் தம்பி சாயங்காலம் வர்றேன்னிருக்கான். அப்பாவுக்குக் கை லேசா நடுங்கும், நீளம் வச்சாலும் பத்துமான்னு தெரியலை. ரெண்டாவது படியை "தொட்டு, உடனே விரலை எடுங்க"ன்னு மாத்தி எழுதச் சொல்லியிருக்கேன்.