முகம் மாறாமல் தாடியும் கண்ணாடியும் மட்டும்: உங்கள் அனுபவம் என்ன?

குறும்படக்காரன்
ஒரே நடிகர், மூன்று வயதுத் தோற்றம். மழித்த முகம், தாடி, பிறகு தாடியும் கண்ணாடியும். மேக்கப் போடுமுன் அவருடைய ஒரே படத்தின் மேல் மூன்றையும் பார்க்க வேண்டும். நேர்முகமாக எடுத்த படம், 1024-க்கு 1024. AI எடிட் மாடலிடம் "தாடி மட்டும் சேர், வேறெதையும் தொடாதே" என்று எழுதினால் தாடி அழகாக வருகிறது. ஆனால் மூக்கு மெலிகிறது, இடது புருவத்தில் இருக்கும் சின்ன வெட்டுத் தழும்பு காணாமல் போகிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ராத்திரி ரெண்டரிங்
வாக்கியத்துல சொல்லிப் பிரயோஜனம் இல்ல ப்ரோ. ஒரு பகுதிய மட்டும் புதுசா வரையுற இன்பெயின்ட்ல தாடி வர்ற இடத்துக்கு மட்டும் மாஸ்க் வரைங்க, எவ்வளவு மாத்தி வரையணும்னு சொல்ற denoise-அ 0.7 வைங்க, முடிஞ்சது. மாஸ்க்குக்கு வெளிய ஒரு பிக்சல்கூட மாறாது.

தூரிகை மேசை
முதல் பாதி சரி. இரண்டாம் பாதி, எந்தக் கருவி என்பதைப் பொறுத்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் படத்தை அப்படியே தொடுவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, வேலையை முடித்து, மறுபடி விரிக்கின்றன. அந்தப் போக்குவரத்திலேயே மாஸ்க்குக்கு வெளியே இருக்கும் தோலின் துளை, இமைமயிர், தழும்பு எல்லாம் லேசாக மழுங்கிவிடும். இந்த மாடல்களை ஓட்டும் மென்பொருள்களில் AUTOMATIC1111 கடைசியில் பழைய படத்தைத் தானே மேலே ஒட்டிக் கொடுப்பதால் அங்கே நீங்கள் சொன்னது உண்மைபோலத் தெரியும். ComfyUI-இன் அடிப்படை இன்பெயின்ட் அமைப்பில் அது நடக்காது. அப்படி ஒட்டும் ImageCompositeMasked நோடை நாம்தான் போட வேண்டும்.

குறும்படக்காரன் சொல்லும் எடிட் மாடலில் முகம் முழுவதும் புதிதாக வரையப்படுகிறது. தழும்பு போனது அதனால்தான். எந்தக் கருவியானாலும் நான் செய்யும் கடைசி வேலை ஒன்றே: வந்த படத்திலிருந்து தாடியை மட்டும் எடுத்து மூலப் படத்தின் மேல் வைப்பது. ImageMagick-இல் ஒரே வரி:

```
magick moolam.png thaadi.png mask.png -composite mudivu.png
```

mask.png-இல் வெள்ளை இருக்கும் இடத்தில் தாடிப் படம் வரும், கறுப்பு இருக்கும் இடத்தில் மூலம் நிற்கும். மூன்றும் ஒரே அளவா என்று முதலில் பாருங்கள். எடிட் மாடல்கள் சில சமயம் வேறு அளவில் திருப்பித் தரும், அல்லது முகத்தை நாலைந்து பிக்சல் நகர்த்திவிடும். அப்படியே ஒட்டினால் தாடை இரட்டையாகத் தெரியும்.

சோதிப்பதும் எளிது. GIMP-இல் மூலத்தின் மேல் முடிவை வைத்து லேயர் முறையை Difference ஆக்குங்கள். மாறாத இடம் சுத்தக் கறுப்பு. தாடிக்கு வெளியே, புருவத்திலோ கண்ணிலோ சாம்பல் தெரிந்தால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்கு Levels-ஐ இழுத்து வெளிச்சம் கூட்டிப் பாருங்கள். நடுவில் எங்கும் JPEG-ஆகச் சேமிக்காதீர்கள். அந்த இரைச்சலே மாற்றம்போலத் தெரிந்து குழப்பும்.

குறும்படக்காரன்
ஒட்டிப் பார்த்தேன். தழும்பு திரும்ப வந்துவிட்டது, நன்றி. ஆனால் தாடி முகத்தில் அட்டை ஒட்டியதுபோல் இருக்கிறது. மாஸ்க்கைத் தாடை எலும்போடு சரியாக நிறுத்தினேன்.

தூரிகை மேசை
அங்கேதான் பிசகு. தாடி தாடைக்கு வெளியே வளரும். ஒரு சென்டிமீட்டர் தாடி என்றால் மாஸ்க்கும் தாடைக்கோட்டுக்கு வெளியே குறைந்தது அவ்வளவு போக வேண்டும். கழுத்தில் விழும் நிழலுக்கு இன்னும் கொஞ்சம் கீழே. கன்னத்துப் பக்கம் மாஸ்க் விளிம்பை மென்மையாக்குங்கள், முடி அங்கே திடீரென நிற்பதில்லை, அடர்த்தி குறைந்துகொண்டே போகும். கீழுதட்டை மாஸ்க்கிலிருந்து விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வாய் வேறு ஆளுடையதாகிவிடும். மீசைக்கு மட்டும் மேலுதட்டின் விளிம்பில் இரண்டு மூன்று பிக்சல் சேருங்கள், முடி நுனி அங்கே விழ வேண்டுமே.

denoise பற்றி ஒன்று. 0.4-இல் மழித்த மோவாயில் கருந்தாடி வராது, அழுக்குப் பூசியதுபோல்தான் வரும். கீழே வெளிர் தோல் நிறம் அப்படியே இருப்பதுதான் காரணம். அதற்காக 0.9-க்கு ஏற்றினால் மோவாயின் வடிவமே மாறுகிறது. நான் முதலில் GIMP-இல் அடர்பழுப்பில் தாடியைத் தோராயமாகப் பூசிவிடுவேன், நடுவில் தோல் எட்டிப்பார்க்கும்படி, சுத்தக் கறுப்பு இல்லாமல். அதன் பிறகு 0.5 போதும். முடி வரும், எலும்பு அசையாது.

கிரேப்பும் கம்மும்
நாங்க இன்னும் பிரின்ட் மேல OHP ஷீட்டு வெச்சு மார்க்கர்லதான் வரையுறோம். முகம் மாறுமோங்கற பயமே கிடையாது. ஒரு விஷயம் சொல்றேன் தம்பி, படத்துல எந்த நீளம் காட்டுறீங்களோ அந்த நீளத்தை எங்களால ஒட்ட முடியணும். நாலு நாள் தாடிய கம்ப்யூட்டர் அழகா போட்டுக் கொடுத்துடுது. ஒரு மில்லிமீட்டர் கட்டைமுடிய இழை இழையா ஒட்ட முடியாது, பொடியா நறுக்கின முடியத்தான் ஒத்தணும், குளோசப்ல அது வேற மாதிரி தெரியும். நடிகருக்கு நாள் இருந்தா நெசமா வளர்க்கச் சொல்லுங்க. மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வரும்.

கண்ணாடிக்கடை
வட்ட முகத்துக்குச் சதுர ஃபிரேம் எடுப்பா இருக்கும் சார். 52□18-140 எடுத்துக்கோங்க, நெறைய பேருக்குப் பொருந்துற சைஸ்.

தூரிகை மேசை
அவர் எந்த ஃபிரேம் என்று கேட்கவில்லை ஐயா, ஆனால் நீங்கள் கொடுத்த எண் நல்ல வேலை செய்யும். கண்ணாடியை மாடலிடம் விட்டால் அளவைக் கற்பனையாகப் போடும், லென்ஸுக்குள் கண்ணையும் புதிதாக வரைந்துவிடும். ஃபிரேமை நேரே படம் எடுத்துப் பின்னணியை வெட்டித் தனி லேயராக வைப்பதே மேல்.

அளவுக்குக் கருவிழி உதவும். பெரியவர்களுக்கு அதன் அகலம் ஏறக்குறைய 11.7 மில்லிமீட்டர், ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. உங்கள் படத்தில் அது 39 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்கு 3.33 பிக்சல். 52 லென்ஸ் அகலம், 18 மூக்குப்பாலம். ஆக இரண்டு லென்ஸ் நடுக்களுக்கும் இடையே 70 மில்லிமீட்டர், படத்தில் 233 பிக்சல். அந்த அளவுக்கு ஃபிரேமைச் சுருக்குங்கள். அவருடைய கண்பாப்பாக்களுக்கு இடையே 63 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு பாப்பாவும் லென்ஸ் நடுவிலிருந்து 12 பிக்சல் மூக்குப் பக்கமாக நிற்கும். உங்களுக்கு நடுவில் வந்தால் அளவு தப்பு.

பிறகு ஃபிரேமின் நிழலைக் கன்னத்தில் மெலிதாகப் போடுங்கள், முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம். காம்பு காதருகே முடிக்குள் மறைய வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் கண்ணாடி முகத்துக்கு முன்னால் மிதக்கும்.

கண்ணாடிக்கடை
பவர் என்னன்னு சொல்லலியே? மைனஸ் ஆறு போட்டவருக்கு லென்ஸுக்குள்ள கண்ணு சின்னதாத் தெரியும், முகத்தோட ஓரம் உள்ள தள்ளித் தெரியும். கண்ண அப்படியே வெச்சா அது பவர் இல்லாத கண்ணாடிதான்.

ராத்திரி ரெண்டரிங்
அப்ப லென்ஸுக்குள்ள இருக்கறத மட்டும் சுருக்கிடலாமே?

தூரிகை மேசை
சுருக்கினால் "முகம் மாறக்கூடாது" என்ற நிபந்தனை உடைகிறது. சுருக்காவிட்டால் கதாபாத்திரத்தின் கண்ணாடி பொய்யாகிறது. நான் இரண்டையும் தனித்தனி லேயராகக் கொடுப்பேன்.

குறும்படக்காரன்
செட்டில் அவர் போடப்போவது வெறும் கண்ணாடி. ஆனால் கதையில் சோடாபுட்டி. நாளைக்கு இரண்டையும் இயக்குநரிடம் காட்டிக் கேட்கிறேன்.

கிரேப்பும் கம்மும்
தாடி ஓரத்துல கண்ணாடிக் காம்பு படுதான்னும் அதே படத்துல பாருங்க. கிருதா உயரமா ஏறினா காம்பு உரசி ஒட்டு விட்டுப்போகும்.